"தோளைத் தளர்த்து": நான்கு வருடம் பயன்படுத்திய பிறகு

போன வாரம் நண்பன் ஒரு படத்தை அனுப்பி, "இது நீதானா?" என்று கேட்டான். மாரத்தானின் 36-வது கிலோமீட்டரில் யாரோ எடுத்த படம். நான்தான். கழுத்தைக் காணவில்லை. தோள் இரண்டும் காதோடு ரகசியம் பேசிக்கொண்டிருக்கின்றன, இடது கை மூடிய முஷ்டியாக நெஞ்சின் வலது பக்கத்தில் கிடக்கிறது. "எனக்கு மட்டும் தோளைத் தளர்த்தி ஓடச் சொன்னாயே?" என்றான். அவனுக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது. அதுதான் இது.

நிமிர்ந்து ஓடு, கையை முன்பின்னாக வீசு, தோளைத் தளர்த்து. இந்த மூன்றும் ஓடுகிற எல்லாருக்கும் தெரியும். முதல் பத்து கிலோமீட்டரில் மூன்றுமே அருமையாக வேலை செய்யும். சொல்லாமல் விட்டாலும் அங்கே ஓட்டம் நன்றாகத்தான் இருக்கும் என்பது வேறு விஷயம். களைத்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

நிமிர்வதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. களைத்தால் பார்வை காலடிக்கு இறங்கும், ஐந்து கிலோ எடையுள்ள தலை அதன் பின்னாலேயே போகும், உடம்பு இடுப்பில் மடியும். உச்சந்தலையில் நூல் கட்டி மேலே இழுப்பதாக நினைத்துக்கொள் என்பார்கள். அதை 30 கிலோமீட்டருக்குமேல் செய்தபோதெல்லாம் நெஞ்சைத் துருத்தி, கீழ்முதுகை வளைத்து, அங்கே ஒரு வலியைச் சம்பாதித்ததுதான் மிச்சம். எனக்கு எடுபட்டது பார்வை மட்டும். இருபது முப்பது மீட்டர் முன்னால் ஓடுபவரின் முதுகைப் பார்த்தால் போதும், தலை தானாக எழுந்துவிடும்.

இனி தோள். நான்கு வருடமாக என்னை எரிச்சலூட்டுவது இதுதான்.

தோள் ஏன் ஏறுகிறது? மூச்சு வாங்க ஆரம்பித்ததும் உதரவிதானம் மட்டும் போதாமல், கழுத்துப் பக்கத் தசைகளும் விலாக்கூட்டைத் தூக்க உதவிக்கு வருகின்றன. கூடவே வலியைப் பொறுத்துக்கொள்ளப் பல்லைக் கடிக்கிறோம், முஷ்டியை மூடுகிறோம். இவையெல்லாம் சேர்ந்து தோளைத் தூக்கிவிடுகின்றன. அப்படி இருக்கும்போது "தளர்த்து" என்று கட்டளை போட்டால் என்ன நடக்கும்? நான் தோளைக் கீழே அழுத்துகிறேன். அழுத்துவது தளர்வு இல்லை, இன்னொரு இறுக்கம். மேல்கை விலாவோடு ஒட்டிக்கொள்கிறது, முழங்கை பின்னால் போக மறுக்கிறது. பார்ப்பவருக்குத் தோள் இறங்கியிருக்கும். ஓடுகிற எனக்கு இரண்டு பக்கமும் வாளி தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்கும். இந்த நிலையில் வழியோரத்தில் நின்றுகொண்டு "ஷோல்டர்! ஷோல்டர்!" என்று கத்துபவர்களை நான் மன்னிப்பதாக இல்லை.

பயன்பட்டது இதற்கு நேர் எதிரானது. தோளை வேண்டுமென்றே காது வரைக்கும் தூக்கி, இரண்டு மூன்று எட்டு அப்படியே பிடித்து, மூச்சை வெளியே விடும்போது பொத்தென்று போட்டுவிடுவது. கீழே தள்ளக் கூடாது, விழ விட வேண்டும். அதோடு கைகளையும் தொங்கவிட்டு ஐந்தாறு எட்டு ஓடி, விரல்களை உதறி, பிறகு முழங்கையை மடக்கிக்கொள்வது. பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும். பலன் எனக்கு நான்கைந்து நிமிடம் நிற்கும். அப்புறம் தோள் மறுபடி ஏறும். அதனால் ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் ஒரு தடவை செய்கிறேன், நடுவில் தோளை நினைப்பதே இல்லை. நினைப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. 2009-இல் ஜெர்மனியில் செய்த ஓர் ஆய்வில், தன் மூச்சையோ ஓட்ட அசைவையோ கவனித்துக்கொண்டு ஓடியபோது செலவான ஆக்சிஜன், சுற்றுப்புறத்தைப் பார்த்துக்கொண்டு அதே வேகத்தில் ஓடியபோது செலவானதைவிட அதிகமாக இருந்தது.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் கையில். கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்தால், அந்தக் கையோடு தோளை இறுக்குவது கஷ்டம். உட்கார்ந்த இடத்திலேயே முஷ்டியை இறுக்கிப் பாருங்கள், இறுக்கம் முன்கை வழியாக மேலே ஏறுவது தெரியும். எனவே "தோள்" என்று சொல்வதை விட்டுவிட்டு "கட்டைவிரல்" என்று சொல்லிக்கொள்கிறேன். அடுத்தது "முழங்கை பின்னால்". முன்னால் வீசுவதை நினைத்தால் கை நெஞ்சுக்குக் குறுக்கே போகும், உடம்பு திரும்பும். பின்னால் இழுத்தால் முன்னால் வருவது தானாக நடக்கும்.

இடது கை நடுக்கோட்டைத் தாண்டுகிறதா என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கருவி அகப்பட்டது. நெஞ்சில் குத்தியிருக்கும் ஓட்ட எண் அச்சடித்த தாள்தான். கை குறுக்கே வந்தால் கட்டைவிரல் தாளின் ஓரத்தில் உரசிச் சுருக் சுருக் என்று சத்தம் வரும். அது கேட்டால் முழங்கையைப் பின்னால் இழுக்க வேண்டும் என்று அர்த்தம். எந்தக் கோச்சும் சொல்லித்தராதது, காசும் கிடையாது.

கடைசியாக ஓடிய ஃபுல் மாரத்தானில் நடந்ததைச் சொல்கிறேன். கிலோமீட்டருக்கு 5:40 நிமிடம் என்பது திட்டம். 28-இல் தாள் சத்தம் கேட்டது, முழங்கையைப் பின்னால் இழுத்தேன், சத்தம் நின்றது. 31-இல் மறுபடி கேட்டது. கூடவே இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஓர் எரிச்சல். ஒவ்வொரு பலகையிலும் தூக்கிப் போட்டேன், எரிச்சல் அடங்கியது. ஆனால் வேகம் அடங்கிக்கொண்டேதான் போனது, ஏனென்றால் தீர்ந்துபோனது தொடை. தோளைச் சரிசெய்தால் தொடைக்குச் சர்க்கரை வராது. 35-வதை நல்ல பிள்ளையாக, கட்டைவிரல் மிதக்க ஓடினேன். 36-இல் ஒருவர் என்னைத் தாண்டினார், கோபம் வந்தது, எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். படம் அங்கேதான் எடுக்கப்பட்டது. ஓடி முடித்து உள்ளங்கையைப் பார்த்தால் நான்கு நகத்தடம் பிறை பிறையாகப் பதிந்திருந்தது.

நியாயமாகப் பேசினால், கை வீச்சு வீண் இல்லை. 2014-இல் அரெயானோ, கிராம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டி ஓடினால் 3 சதவீதம், நெஞ்சில் கட்டினால் 9 சதவீதம், தலையில் வைத்துக்கொண்டால் 13 சதவீதம் ஆற்றல் கூடுதலாகச் செலவாகிறது. ஆனால் அது கையை ஒரேயடியாக நிறுத்தியதற்கான கணக்கு. தோள் இரண்டு விரற்கடை ஏறியதற்கு இந்த எண்ணைக் காட்டிப் பயமுறுத்துபவர்களை நம்ப வேண்டாம். செக் ஓட்டக்காரர் எமில் ஸாட்டோபெக் முகத்தைக் கோணிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டுதான் ஓடுவார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கினார்.

அப்போ வைத்துக்கொள்ளலாமா என்று நண்பன் கேட்கிறான். கட்டைவிரலை வைத்துக்கொள், முழங்கையை வைத்துக்கொள், "தோளைத் தளர்த்து" என்ற வாசகத்தைத் தூக்கிப் போடு. மறுநாள் கழுத்து வலிக்காமல் தலையைத் திருப்ப முடிவது இவற்றால்தான், அதற்கு நன்றி. இன்றைக்கு மட்டும் மூன்றின் மேலும் எனக்குக் கோபம். கடிகாரத்தில் பார்த்தேன். அழகாக ஓடிய 35-வது கிலோமீட்டர் 5:58. காதில் தோளோடு, முஷ்டியோடு, குறுக்கே வீசிய கையோடு ஓடிய 36-வது 5:49.