வீடியோவில் பார்த்த டொக்டரும் என் 38,500 ரூபாயும்

38,500 ரூபாய். பெரும்போக நெல் விற்ற காசு. அது இனித் திரும்பாது என்று போன கிழமைதான் ஒத்துக்கொண்டேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், அம்பாறைப் பக்கம் என்னைப் போல வெட்கத்தில் போனுக்குள் வைத்தியம் தேடுகிறவர்கள் வாசிக்கட்டும். காசு வாங்கியவர்கள் பெயர் போடவில்லை, என் பெயரும் இல்லை. ஆண்மைக் குறைவுக்கு வீட்டிலிருந்தே வீடியோவில் ஆலோசனை என்று பேஸ்புக்கில் விளம்பரம் போடும் ஓர் இடம், அவ்வளவுதான்.

எனக்கு 47 வயது. ஒரு வருடமாக விறைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. மனிசி ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். ஊர் டிஸ்பென்சரியில் துண்டு எழுதுகிற பிள்ளை எங்கள் சொந்தக்காரப் பிள்ளை. அவளிடம் போய் என்ன வருத்தம் என்று சொல்வது?

வீடியோவில் வந்தவர் வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். (போனுக்குள் இருந்துகொண்டு அதை யார் நெஞ்சில் வைக்கப்போகிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.) "இது எல்லாருக்கும் வாறதுதான் அண்ணன், வெட்கப்படாதீங்க" என்றார். விழுந்தது அந்த இடத்தில்தான். ஒரு வருடம் ஒருவரிடமும் வாய் திறக்காதவனுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. நாக்கை நீட்டச் சொன்னார், நீட்டினேன். கமராவைக் கீழே திருப்பச் சொன்னார், அதையும் செய்தேன். "நரம்புத் தளர்ச்சி, மூன்று மாதக் கோர்ஸ்" என்றார். எல்லாம் ஏழு நிமிடம். அன்றைக்கே 38,500 ரூபாயை வங்கியில் போட்டேன்.

லேபல் இல்லாத போத்தலில் கெப்சூல் வந்தது. குடித்தால் முகம் சூடேறும், தலையிடிக்கும், மூக்கடைக்கும். ஒருநாள் இரவு எழும்பியபோது தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போன் எடுத்தால் ஒரு பிள்ளை, "சூடு வெளியேறுது, நல்ல அறிகுறி" என்றாள். அடுத்த நாள் "சேர் மீட்டிங்கில் இருக்கிறார்". அதற்கடுத்து "கோர்ஸ் முடியாமல் காசு திருப்ப ஏலாது". நான் சத்தம் போட்டதும் வேறொருவன் வந்தான்: "உங்கட வீடியோ எங்களிட்ட இருக்கு, யோசிச்சுக் கதையுங்க." பிறகு என் நம்பரையே அடைத்துவிட்டார்கள்.

கடைசியில் மட்டக்களப்புக்குப் போய், தெரிந்தவர் சொன்ன வயதான டொக்டர் ஒருவரைப் பார்த்தேன். அவர் முதலில் கேள்விகள்தான் கேட்டார். திடீரென்று வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா? விடியற்காலையில் தானாக விறைப்பு வருகிறதா? வேறு என்ன குளிசை குடிக்கிறாய்? நடக்கும்போது நெஞ்சு நோகிறதா, நாக்குக்கு அடியில் வைக்கும் குளிசை தந்திருக்கிறார்களா? காலையில் சரியாக வந்து, மனைவியோடு மட்டும் வராவிட்டால் மனக் காரணம் இருக்கலாம். எனக்கோ காலையிலும் இல்லை, மெல்லத்தான் போனது. அப்படியென்றால் உடம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார்.

"இதெல்லாம் வீடியோவிலேயே கேட்டிருக்கலாமே டொக்டர்?"

"தாராளமாக. ஒழுங்கான டொக்டர் கேட்டிருப்பார் தம்பி. கேட்டுவிட்டு, நேரில் வா என்றும் சொல்லியிருப்பார்."

அப்புறம் கையால் பார்த்தார். பிரஷர் 160க்கு 100. கவட்டில் நாடி பிடித்தார், கால்களுக்கு இரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று அறிய. விதைகளின் அளவு பார்த்தார், உறுப்பின் நீளத்துக்கும் தடவி உள்ளே தடித்த கட்டி இருக்கிறதா என்று பார்த்தார். அப்படிக் கட்டி இருந்தால் விறைக்கும்போது வளையுமாம். எந்தக் கமராவுக்கும் அது தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். எனக்குக் கட்டி இல்லை. ஆனால் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி 214. சீனி வருத்தம் இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. நரம்பையும் குழாயையும் அதுதான் கெடுத்திருக்கும் என்றார். அந்த உறுப்பின் இரத்தக் குழாய்கள் இதயத்துக் குழாய்களைவிட ஒடுக்கம், அதனால் அடைப்புத் தொடங்கினால் பலருக்கு அங்கேதான் முதலில் தெரியும் என்று சொல்லி ஈசிஜியும் எடுக்க வைத்தார்.

கெப்சூலைக் காட்டினேன். சோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் முகம் சூடாகி மூக்கடைப்பதைப் பார்த்தால் விறைப்புக்குக் கொடுக்கும் சில்டெனாபில் மருந்து கலந்திருக்கலாம், எவ்வளவு என்று யாருக்குத் தெரியும் என்றார். அந்த மருந்தை டொக்டர்மாரே எழுதிக் கொடுக்கிறார்கள், அதில் பிழையில்லை. நெஞ்சு நோவுக்கு நாக்கடியில் குளிசை வைக்கிறவர் தெரியாமல் இதைக் குடித்தால் பிரஷர் சடாரென்று விழுந்து உயிரே போகலாமாம். என்னிடம் 38,500 ரூபாய் வாங்கியவன் அந்த ஒரு கேள்வியைக்கூடக் கேட்கவில்லை.

ஆலோசனை விரிவாக எழுத நினைத்தேன், கிளினிக்குக்குப் பஸ் வருகிற நேரம். வேறு குளிசை குடிக்கிறாயா என்று கேட்காதவனிடம் காசு போடாதீர்கள். லேபல் இல்லாத போத்தலை வாயில் வைக்காதீர்கள். கமராவைக் கீழே திருப்பச் சொன்னால் அந்த நிமிடமே போனை வையுங்கள். பிரஷரும் சீனியும் பார்க்காமல் கோர்ஸ் என்று சொன்னால், அது 38,500 ரூபாய்க் கோர்ஸ்தான்.