ரிசர்வ் லைட்டை நம்பி வால்பாறை மலையில் நின்றேன்: பெட்ரோல் மீட்டரில் வேலை பார்த்திருந்தால் இதைப் படியுங்கள்

உங்கள் பைக்கின் பெட்ரோல் மீட்டரை யாராவது கழற்றி வேலை பார்த்திருந்தால், "லைட் எரிந்தபிறகு இத்தனை கிலோமீட்டர் போகும்" என்று நீங்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கை அன்றோடு மறந்துவிடுங்கள். நான் மறக்கவில்லை. ஆழியாறு தாண்டி 19 கிலோமீட்டரில் வண்டி நின்றது.

என்னுடையது 2021-இல் வாங்கிய 160 சிசி பைக். ஃப்யூவல் இன்ஜெக்ஷன், 12 லிட்டர் டேங்க். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் டேங்குக்குக் கீழே ஒரு திருகு இருக்கும். வண்டி இழுக்கத் திணறினால் குனிந்து அதை ரிசர்வுக்குத் திருப்புவோம். டேங்குக்குள் நிற்கும் குழாயின் உயரம்தான் அந்த ரிசர்வ், அது லேசில் பொய் சொல்லாது. இன்ஜெக்ஷன் வண்டியில் அந்தத் திருகே கிடையாது. ரிசர்வ் என்று நாம் சொல்வது மீட்டரில் எரியும் ஒரு விளக்கை மட்டும்தான். அந்த விளக்குக்குத் தகவல் சொல்வது டேங்குக்குள் ஒரு கம்பியின் நுனியில் மிதக்கும் சின்ன மிதவை.

லைட் எரியும்போது 2 லிட்டர் இருக்கும் என்று கையேட்டில் போட்டிருந்தது. மூன்று வருடம் அது சரியாகவே இருந்தது. சமவெளியில் 44 கிலோமீட்டர் மைலேஜ் கொடுக்கும் வண்டி. லைட் எரிந்தபிறகு 70 கிலோமீட்டர் வரை பலமுறை ஓட்டியிருக்கிறேன்.

போன வருடம் மீட்டர் கிறுக்குத்தனம் செய்ய ஆரம்பித்தது. பாதி டேங்க் இருக்கும்போதே கோடுகள் எல்லாம் அணைந்து லைட் மினுக்கும், ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் சரியாகிவிடும். கோவையில் ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டேன். "ஃப்யூவல் யூனிட் போயிருச்சுங்க, புதுசு மாத்தணும்" என்றார்கள். மிதவையும் கம்பியும் சேர்ந்த அந்த யூனிட் 1,450 ரூபாய், லேபர் 350. மாலையில் வண்டி தயார். பழைய யூனிட் எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

அதன்பிறகு நடந்ததை நினைத்தால்தான் என் மேலேயே கோபம் வருகிறது. முன்பெல்லாம் டேங்க் நிரப்பினால் 90 கிலோமீட்டர் வாக்கில் முதல் கோடு அணையும். இப்போது 140 ஆகியும் அணையவில்லை. மைலேஜ் கூடிவிட்டது என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டேன். அடுத்து, லைட் எரிந்தவுடன் போய் டேங்க் நிரப்பினால் வழக்கமாக ஆயிரம் ரூபாய் சொச்சம்தான் வரும். அந்த முறை 1,130 வந்தது. பங்க் பையன் ஏமாற்றிவிட்டான் என்று முறைத்துவிட்டு வந்தேன். அவன் மேல் தப்பே இல்லை. டேங்கில் வழக்கத்தைவிட ஒரு லிட்டருக்கு மேல் குறைவாக இருந்திருக்கிறது, அதனால் அவ்வளவு கூடுதலாகப் பிடித்திருக்கிறது.

சரி, மலைக்கு வருவோம். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குக் கிளம்பினேன். ஆழியாறு அணை அருகே லைட் எரிந்தது, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கினேன். அங்கிருந்து வால்பாறை சுமார் 40 கிலோமீட்டர், நடுவில் 40 கொண்டை ஊசி வளைவு. மலையில் மைலேஜ் குறையும் என்பது தெரியாதவன் இல்லை. முழு டேங்க் கணக்கில் முன்பு ஒருமுறை அளந்தபோது இதே ரோட்டில் 30 கொடுத்தது. இரண்டு லிட்டர், அறுபது கிலோமீட்டர், தாராளம் என்று ஏறிவிட்டேன். திரும்பிப் பொள்ளாச்சிப் பக்கம் வந்து பெட்ரோல் போடச் சோம்பல் என்பதும் உண்மை.

அட்டகட்டியைத் தாண்டி ஒரு ஏற்றத்தில் வண்டி இரண்டு முறை குதித்தது, நின்றது. ட்ரிப் மீட்டர் 19.2 காட்டியது. சாயங்காலம் ஐந்தரை, மூடுபனி இறங்க ஆரம்பித்திருந்தது. அரை மணி நேரத்தில் நான்கு கார்கள் போயின, யாரும் நிற்கவில்லை. ஐந்தாவதாக ஒரு பழைய கார்புரேட்டர் பைக்கில் எஸ்டேட் தொழிலாளி ஒருவர் வந்தார்.

"என்ன தம்பி, பெட்ரோலா?"

"ஆமாங்கண்ணா. லைட் எரிஞ்சு இருபது கிலோமீட்டர்கூட ஆகல."

"லைட்டெல்லாம் நம்பி இங்க ஏறுவாங்களா" என்று சிரித்துக்கொண்டே, தன் வண்டியின் டியூபை உருவி என் தண்ணீர் பாட்டிலைப் பாதி நிரப்பிக் கொடுத்தார். அரை லிட்டருக்கு நூறு ரூபாய் நீட்டினேன், வாங்கவில்லை. ஊற்றியபிறகும் உடனே ஸ்டார்ட் ஆகவில்லை. இன்ஜெக்ஷன் வண்டி முற்றிலும் காய்ந்துவிட்டால் குழாயில் காற்று நிறைந்துவிடும். சாவியைப் போட்டால் டேங்குக்குள் ஒரு 'வீங்ங்' சத்தம் கேட்கும், அது நின்றதும் சாவியை அணைத்து மறுபடி போட வேண்டும். நான்காவது முறைதான் எஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தம் பெட்ரோல் பம்ப்புடையது. தன்னைச் சுற்றியிருக்கும் பெட்ரோலில்தான் அது சூடு தணிகிறது, வழவழப்பும் அதில்தான். காய்ந்து ஓடினால் பம்ப்பே போய்விடும், செலவு சில ஆயிரம். பழைய வண்டியை வறண்டு நிற்கும்வரை ஓட்டினது போல இதை ஓட்டக்கூடாது.

ஊர் திரும்பியதும் சர்வீஸ் சென்டருக்குப் போன் அடித்தேன். "இப்ப E20 பெட்ரோல் சார், மைலேஜ் அடிவாங்கும்" என்றார் அங்கிருந்தவர். எத்தனால் கலந்தால் மைலேஜ் குறையும் என்பது உண்மைதான், ஆனால் அது நூற்றுக்குச் சில பங்கு. அறுபது கிலோமீட்டரைப் பத்தொன்பதாக்க எந்தப் பெட்ரோலாலும் முடியாது.

எங்கள் தெரு முனையில் இருக்கும் மெக்கானிக் அண்ணாவிடம் வண்டியைக் கொண்டுபோனேன். டேங்கை இறக்கி யூனிட்டை வெளியே எடுத்துத் துணியில் துடைத்துக் காட்டினார். "இங்க பாருங்க தம்பி." பிளாஸ்டிக் உடலில் நாணயத்தைவிடச் சின்னதாக ஒரு வட்டம். சுற்றிலும் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஒரு அம்பு, அம்பின் இருபுறமும் 2, 1. அச்சில் வார்த்த மாதமும் வருடமும் அது. அம்பு 3-ஐக் காட்டியது. 2021 மார்ச். அதாவது என் வண்டியோடு பிறந்த அதே யூனிட். அப்புறம் மிதவைக் கம்பியைக் காட்டினார். வளைவில் பளபளவென்று இரண்டு கீறல், குறடு பிடித்த தடம்.

நடந்தது இதுதான். மீட்டர் தாவியதற்குக் காரணம் உள்ளே உரசும் தகட்டில் படிந்த அழுக்கு. அதைத் துடைத்திருக்கிறார்கள், தாவல் நின்றது. கூடவே கோடு சீக்கிரம் அணைகிறது என்று மறுபடி வந்து நிற்காமல் இருக்க, கம்பியைக் கீழ்நோக்கி வளைத்திருக்கிறார்கள். மிதவை பெட்ரோல் மட்டத்தில்தான் நிற்கும். கம்பி கீழே வளைந்தால் அதே மட்டத்துக்கு அதன் மறுமுனை இன்னும் உயரத் திரும்பியிருக்கும். மீட்டர் இல்லாத பெட்ரோலை இருப்பதாகக் காட்டும், லைட் தாமதமாக எரியும். வாடிக்கையாளரும் மைலேஜ் கூடிவிட்டது என்று சந்தோஷமாகப் போய்விடுவார். நான் போனேன்.

எவ்வளவு தாமதம் என்பதை அண்ணா அளந்தே காட்டினார். யூனிட்டைப் பழையபடி மாட்டி, டேங்கை முழுக்க வடித்து, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தினார். சைடு ஸ்டாண்டில் டேங்க் சாய்வதால் மிதவை தப்பாகச் சொல்லும். பிறகு கால் லிட்டர் அளவைக் குவளையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஒவ்வொரு முறை ஊற்றியபிறகும் சாவியை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி போட்டுப் பார்த்தார். பெட்ரோல் தளும்புவதற்கெல்லாம் மீட்டர் ஆடாமலிருக்க அதை மெதுவாகவே மாறும்படி வைத்திருப்பார்கள், அவசரப்பட்டால் கணக்கு தப்பும். 0.9 லிட்டரில் லைட் அணைந்தது. அதில் அடியில் தங்கும் கால் லிட்டரைப் பம்ப்பால் உறிஞ்ச முடியாது. மீதி 0.65. மலையில் லிட்டருக்கு 30 என்றால் 19 கிலோமீட்டர் சொச்சம். என் ட்ரிப் மீட்டரில் நின்ற எண்ணைப் பார்த்து அண்ணாவே ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார்.

புது யூனிட் போட்டு அதே போல அளந்தோம். 2.1 லிட்டரில் அணைந்தது. உறிஞ்சாத கால் லிட்டரைக் கழித்தால் 1.85. சமவெளியில் 81 கிலோமீட்டர், மலையில் 55. நான் இதை 60 என்றும் 35 என்றும்தான் வைத்துக்கொள்கிறேன். எதிர்காற்று, பின்னால் ஆள், எண்பதுக்கு மேல் வேகம், எல்லாமே இதிலிருந்துதான் கடித்துக்கொள்ளும். கணக்கைத் தொடங்குவது லைட் முதலில் மினுக்கும் இடத்திலிருந்து அல்ல, சம ரோட்டில் அணையாமல் நிலையாக எரிய ஆரம்பித்த இடத்திலிருந்து. ஏற்றத்திலோ பிரேக் பிடிக்கும்போதோ முன்கூட்டியே மினுக்கலாம்.

டேங்கைக் கழற்றாமல் பார்க்க ஒரு வழி உண்டு. லைட் நிலையாக எரிந்ததும் பங்க்கில் நிரப்பி, பிடித்த லிட்டரைக் கையேட்டில் உள்ள டேங்க் அளவிலிருந்து கழிப்பது. ஆனால் பங்க் குழாய் தானாக நின்ற இடமும் கையேட்டின் 12 லிட்டரும் ஒன்றல்ல. குழாய் சீக்கிரம் நின்றால் மிச்சம் அதிகம் என்று தப்பாக நினைப்பீர்கள், அதுதான் ஆபத்தான தவறு. கார்களில் கழுத்து வரை நிரப்பினால் கையேட்டைவிடப் பல லிட்டர் கூடவே பிடிக்கும், கழித்தால் குறைச்சலாகத் தெரியும், அதனால் கெடுதல் இல்லை. ஒரே பங்க்கில் ஒரே மாதிரி நிரப்பி, சர்வீஸுக்கு முன்னும் பின்னும் எவ்வளவு பிடிக்கிறது என்று ஒப்பிடுவதற்கு இந்த முறை நன்றாக உதவும். என் 1,130 ரூபாய் பில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

யூனிட்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். முதலில் "அந்தப் பையன் இப்ப வேலையில இல்லைங்க" என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசப்போகிறேன் என்றதும் மேனேஜர் வந்தார். 1,450-ஐத் திருப்பிக் கொடுத்தார். லேபர் 350-ஐக் கொடுக்கவில்லை. "வேலை பார்த்தது பார்த்ததுதானே சார்" என்றார்.