பேஸ்ட்ரி க்ரீம்: கொதி வந்த பிறகு இன்னும் ஒரு நிமிடம்

பழ டார்ட்டுக்குள் வைக்கும் பேஸ்ட்ரி க்ரீமைப் பல வருடமாக மதுரையில் எங்கள் வீட்டு கேஸ் அடுப்பில்தான் காய்ச்சி வருகிறேன். அளவும் முறையும் மாறவில்லை, பாத்திரம் மட்டும் இடையில் ஒரு தடவை மாறியது. இத்தனை நாள் செய்து பார்த்ததில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். க்ரீம் கெட்டியானதும் இறக்கிவிடக் கூடாது. நன்றாகக் கொதி வர விட்டு, அதற்குப் பிறகும் ஒரு முழு நிமிடம் கிண்ட வேண்டும். மறுநாள் நீர்த்துப் போவதும், பச்சை மாவு வாசமும், முட்டைக் கவிச்சியில் பாதியும் அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும்.

என் அளவு அரை லிட்டர் பால் பாக்கெட்டை வைத்துத்தான். அதற்கு மஞ்சள்கரு 5, சர்க்கரை 100 கிராம், கார்ன் ஃப்ளவர் 40 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, இறக்கிய பிறகு வெண்ணெய் 40 கிராம், வெனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன். மூன்று அங்குல டார்ட் ஓடுகள் ஒரு டஜனை இது தாராளமாக நிரப்பும். பால் எனக்கு ஆவின் பச்சை பாக்கெட் சரியாக இருக்கிறது. நீல பாக்கெட்டிலும் வரும், வாயில் கொஞ்சம் லேசாக இருக்கும். ஆரஞ்சு பாக்கெட்டில் செய்தால் பழத்தின் புளிப்பை அமுக்கிவிடுகிறது. கார்ன் ஃப்ளவர் என்றால் தொட்டால் கிறீச்சென்று இருக்கும் வெள்ளை மாவு. ரொட்டி சுடும் மஞ்சள் மக்காச்சோள மாவை எடுத்துவிட்டால் எவ்வளவு கிண்டினாலும் நறநறப்பு போகாது.

கட்டி தட்டுவது பெரும்பாலும் அடுப்புக்கு வரும் முன்பே முடிவாகிவிடுகிறது. பாதி சர்க்கரையையும் கார்ன் ஃப்ளவரையும் உப்பையும் ஈரமில்லாமல் முதலில் கலந்துகொள்கிறேன். சர்க்கரைப் பரல்கள் மாவைப் பிரித்து வைப்பதால் ஈரம் பட்டதும் மாவு உருண்டு கொள்வதில்லை. அதில் மஞ்சள்கருவையும் இரண்டு ஸ்பூன் ஆறிய பாலையும் விட்டு உடனே விஸ்க்கால் அடிக்க வேண்டும். மஞ்சள்கரு மேல் சர்க்கரையைக் கொட்டிவிட்டு ஃபோன் பேசப் போகக் கூடாது. சர்க்கரை அந்த இடத்து ஈரத்தை இழுத்துக்கொண்டு, மஞ்சள்கருவைச் சின்னச் சின்ன கெட்டித் துணுக்குகளாக்கிவிடும். அது அப்புறம் கரையவே கரையாது.

மீதிச் சர்க்கரையைப் பாலில் போட்டு அடுப்பில் வைத்து, ஓரத்தில் சின்னக் குமிழி வந்து ஆவி பறக்கும்போது இறக்குகிறேன். அந்தச் சூடான பாலை ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று மஞ்சள்கருக் கலவையில் விட்டுக்கொண்டே அடித்து, மொத்தத்தையும் வடிகட்டி வழியாகத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றுவேன். நம் வீடுகளில் காலையில் காய்ச்சி வைத்த பாலை எடுப்பதுதான் வழக்கம். அதில் மிதக்கும் ஆடைத் துணுக்குகள் க்ரீமில் கிடந்தால் மாவுக் கட்டி என்றே தோன்றும். காய்ச்சிய பாலாக இருந்தால் முதலிலேயே வடிகட்டிவிடுங்கள்.

இனி அடுப்பு. மிதமான தீ, கை நிற்கக் கூடாது. இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். மேலே இருக்கும் நுரை மெல்ல அடங்கும். அடங்கியதும் கவனம், அடுத்த அரை நிமிடத்தில் அடிப்பக்கம் திட்டுத் திட்டாகக் கெட்டிப்படும். பார்ப்பதற்கு எல்லாம் திரிந்து போனது போலவே இருக்கும். இந்த இடத்தில்தான் பலரும் பயந்து அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அணைக்க வேண்டியதில்லை. பாத்திரத்தைப் பத்து நொடி தீயிலிருந்து தூக்கிப் பிடித்து வேகமாக அடித்தால் திட்டுகள் ஒன்று கலந்துவிடும். திரும்ப அடுப்பில் வைக்கலாம்.

கெட்டியான பிறகு கொதி வந்ததா என்று பார்ப்பதற்கு ஒரே வழி, கிண்டுவதை இரண்டு மூன்று நொடி நிறுத்துவதுதான். விஸ்க் ஓடும்போது குமிழி தெரியாது. நிறுத்தினால் கேப்பைக் கூழ் கொதிப்பது போலப் பெரிய குமிழி ஒன்று நடுவில் மெதுவாக எழும்பி ‘பொளக்’ என்று உடையும். நேரத்தை அங்கிருந்துதான் எண்ண வேண்டும். தீயைக் குறைத்து விடாமல் கிண்டிக்கொண்டே ஒரு நிமிடம், சந்தேகமாக இருந்தால் ஒன்றரை. அதற்குள் க்ரீம் கொஞ்சம் தளர்ந்து, மேலே ஒரு பளபளப்பு வரும். துளி எடுத்து நாக்கில் வைத்தால் மாவு வாசம் இருக்காது. அதற்காக ஐந்தாறு நிமிடம் கொதிக்க விடுவதும் வேண்டாம். மாவுச்சத்து உடைந்து திரும்ப இளகும், அடியும் பிடிக்கும்.

மேலூரில் இருக்கும் என் மதினி வீட்டிலிருந்தே டார்ட் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறார். மாம்பழ சீசனில் ஒரு பிறந்தநாளுக்குச் செய்தபோது, ராத்திரி கரண்டியில் நின்ற க்ரீம் காலையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தபோது கரண்டியை விட்டு வழிந்தது. கார்ன் ஃப்ளவர் போதவில்லை என்று நினைத்து அடுத்த முறை 60 கிராம் போட்டிருக்கிறார். அன்றைக்குக் காய்ச்சும்போதே பசை மாதிரி ஆகி, ஓரத்தில் கட்டியும் தட்டியது. அவர் காய்ச்சும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். கலந்ததெல்லாம் சரி. கெட்டிப்பட்ட அந்த நொடியில் அடுப்பை அணைத்துவிட்டார். கொதிக்க விடுங்கள் மதினி என்றதற்கு, “ஏத்தா, முட்டை போட்ட பாலைக் கொதிக்க விட்டா திரிஞ்சு போயிராதா?” என்றார்.

நியாயமான பயம்தான். மாவு இல்லாமல் பால், முட்டை மட்டும் வைத்துச் செய்யும் கஸ்டர்டைக் கொதிக்க விட்டால் நிச்சயம் திரியும். இதில் அப்படியில்லை. வீங்கிய கார்ன் ஃப்ளவர் முட்டையின் புரதங்களை ஒன்றோடொன்று சட்டென்று இறுகிக்கொள்ள விடாமல் தடுக்கிறது, அதனால் கொதி தாங்கும். தாங்கும் என்பது மட்டுமில்லை, கொதித்தே ஆக வேண்டும். மஞ்சள்கருவில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. மாவுச்சத்தைச் சின்னதாக வெட்டிப் போடுவதுதான் அதன் வேலை. க்ரீம் கெட்டிப்படும் சூட்டில் அது முழுதாகச் சாவதில்லை. அங்கேயே இறக்கினால் ஃபிரிட்ஜுக்குள் ராத்திரி முழுக்க வெட்டிக்கொண்டே இருக்கும், காலையில் க்ரீம் நீர்த்திருக்கும். கொதிநிலையில் நிறுத்தினால் அது செயலிழந்துவிடும். மதினி பழைய 40 கிராமுக்கே திரும்பி, ஒரு நிமிடம் கூடுதலாகக் கிண்டினார். மறுநாள் மதியம் அந்த டார்ட்டை வெட்டினோம், நத்தம் மாம்பழத் துண்டுக்குக் கீழே க்ரீம் வெட்டின இடத்தில் வெட்டின மாதிரியே நின்றது.

இதே அமைலேஸ் நம் எச்சிலிலும் உண்டு. ருசி பார்த்த கரண்டியைத் திரும்ப க்ரீமில் விட்டால், அதுவும் ஆறிய பிறகு விட்டால், அந்த இடம் இளகிப் போகும். எச்சில் கரண்டியைச் சட்டியில் போடாதே என்று வீட்டில் சொல்வது இந்தப் பண்டத்துக்கு அப்படியே பொருந்தும்.

கவிச்சிக்கு வருகிறேன். முட்டையைச் சூடாக்கும்போது வரும் கந்தக வாடை முக்கால்வாசி வெள்ளைக்கருவிலிருந்து வருவது. அதனால் மஞ்சள்கரு மட்டும். ஓட்டை மாற்றி மாற்றிப் பிரிப்பதைவிட, கழுவிய உள்ளங்கையில் விட்டு விரலிடுக்கு வழியாக வெள்ளையை வழிய விடுவது சுத்தமாக இருக்கிறது. ஒட்டியிருக்கும் வெள்ளை நூலும் வடிகட்டியில் தங்கிவிடும். வாடையை மறைக்க எசன்ஸை இரண்டு மடங்காக ஊற்றுவது எனக்கு உடன்பாடில்லை. மருந்து வாசம்தான் மிஞ்சும். எசன்ஸ் கொதிக்கும்போது போட்டால் மணம் ஆவியோடு போய்விடும், இறக்கிய பிறகு போட்டால் ஒரு டீஸ்பூனே போதும். அந்தச் சிட்டிகை உப்பையும் விட்டுவிடாதீர்கள், முட்டை ருசி முன்னால் வந்து நிற்காமல் அடங்கிவிடுகிறது. வெண்ணெய், விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் துண்டு துண்டாகப் போட்டு அடிப்பது. கொதிக்கக் கொதிக்கப் போட்டால் எண்ணெயாகப் பிரியும்.

முன்பு அடி தட்டையான சாஸ்பேனில்தான் காய்ச்சினேன். அடியும் பக்கமும் சேரும் மூலைக்குள் விஸ்க் கம்பி போகாது, அங்கே தேங்கியது இறுகிக் கட்டியாக வரும். அதற்காகவே நடுநடுவே சிலிக்கான் கரண்டியால் மூலையை வழித்துவிட வேண்டியிருந்தது. இப்போது அடி கனமான, மூன்றடுக்கு ஸ்டீல் கடாய். உருண்டையான அடி என்பதால் விஸ்க் எல்லா இடமும் தொடுகிறது. இந்தப் பண்டத்துக்காக நான் வாங்கியதில் இதற்குத்தான் முதலிடம். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். ஸ்டீல் விஸ்க் உரச உரச க்ரீம் சாம்பல் நிறமாகும். மெல்லிசு எவர்சில்வர் சட்டி என்றால் தீயின் வட்டம் அப்படியே அடியில் கருகி நிற்கும்.

ஆறவைப்பதில் நம் ஊர் வெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டும். கடாயிலேயே விட்டால் ஆறுவதற்கு நெடுநேரமாகும், மேலே ஏடு கட்டும். அந்த ஏட்டைக் கிளறிவிட்டால் அது துண்டு துண்டாகிக் கட்டியாகவே நிற்கும். அகலத் தாம்பாளத்தில் மெல்லிசாகப் பரப்பி, ஒட்டும் பிளாஸ்டிக் தாளைக் க்ரீமின் மேலேயே படும்படி அழுத்தி மூடி, ஐஸ் தண்ணீர் ஊற்றிய பெரிய தட்டின் மேல் வைக்கிறேன். சூடு தணிந்ததும் ஃபிரிட்ஜ். குறைந்தது மூன்று மணி நேரம் கழித்து எடுத்தால் அல்வா மாதிரி இறுகிக் கிடக்கும், அது சரியான நிலைதான். விஸ்க்கால் கொஞ்ச நேரம் அடித்தால் வழவழவென்று வந்துவிடும். மிக்ஸியில் ஓட்டினால் இளகும்.

இந்த க்ரீமில் எனக்குக் குறையாகத் தெரிவது, முன்கூட்டிச் செய்து அதிக நாள் வைக்க முடியாது என்பதுதான். ஃபிரிட்ஜில் மூன்று நாளைக்கு மேல் நான் வைப்பதில்லை. ஃப்ரீசரில் வைத்தால் கார்ன் ஃப்ளவர் தண்ணீர் விட்டு நறநறவென்று ஆகும். சித்திரை, வைகாசியில் நிரப்பிய டார்ட்டை வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, முட்டையும் பாலும் சேர்ந்தது. மதினி இப்போது ஓட்டையும் க்ரீமையும் தனித்தனியாக ஐஸ் பெட்டியில் எடுத்துப் போய், ஆர்டர் கொடுத்த வீட்டிலேயே நிரப்பிக் கொடுக்கிறார். அதற்குத் தனியாக நூறு ரூபாய் வாங்குகிறார்.