பத்து மணிப் பையைப் பற்றி எப்போது சொல்வது?

என் அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டிலேயே செய்யும் சி.ஏ.பி.டி. டயாலிசிஸ்தான் அவருக்கு. வயிற்றில் பொருத்தியிருக்கும் மெல்லிய குழாய் வழியே பழைய திரவத்தை வடித்துவிட்டு, பையில் வரும் 2 லிட்டர் புதுத் திரவத்தை ஏற்ற வேண்டும். வடிய 20 நிமிடம், ஏற 10 நிமிடம். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கை கழுவி, முகக்கவசம் கட்டிக்கொள்ள இன்னொரு 10 நிமிடம். சர்க்கரை நோயால் பார்வை மங்கிவிட்டதால் அம்மாவால் தானே இணைத்துக்கொள்ள முடியாது. காலை 6, பகல் 11, மாலை 5, இரவு 10 என்று நாளுக்கு நான்கு முறை. வார நாட்களில் நடு இரண்டையும் மாடி வீட்டுச் சித்தி பார்த்துக்கொள்கிறார். சனி, ஞாயிறு நான்கும் என் பொறுப்பு.

இந்த நான்கு ஆண்டுகளில் மூன்று பேரோடு, ‘இது எங்காவது போய்ச் சேரலாம்’ என்கிற அளவுக்குப் பழகியிருக்கிறேன். எனக்கு ஓய்வு குறைவு என்பதை மூவரிடமும் மூன்று விதமாகச் சொன்னேன். எது தேறியது, எது தேறவில்லை என்பதைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலாமவரிடம் அறிமுகமான அன்றே எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன். நோய், குழாய், செலவு, அப்பா இல்லாதது எல்லாம். ஒளிக்க எதுவும் இல்லை என்ற நிம்மதி எனக்கு. கும்பிடும் கைகளோடு “நீங்கள் பெரிய மனுஷி” என்று பதில் வந்தது. அதன்பின் அவர் என்னிடம் சினிமா பற்றிப் பேசவில்லை, சண்டை போடவில்லை, ஒரு காபிக்குக்கூட அழைக்கவில்லை. அழைத்தால் எனக்குத் தொந்தரவாகிவிடுமாம். முன்பின் தெரியாத ஒருவரிடம் நோயின் கதையைச் சொன்னால் அவருக்கு இரக்கப்படத்தான் தெரியும், நேரம் கேட்கத் தெரியாது. விருப்பமில்லாதவர் சீக்கிரம் விலகிவிடுவார் என்பது இந்த வழியின் ஒரே லாபம். விருப்பம் இருந்திருக்கக்கூடியவரும் விலகிவிடுகிறாரே!

இன்னொரு தவறும் அதில் இருந்தது. குழாய் இருப்பது அம்மாவின் உடம்பில். அதைப் பற்றி ஊர் பேர் தெரியாதவரிடம் சொல்லலாமா என்று நான் அம்மாவைக் கேட்கவே இல்லை. பிறகு கேட்டபோது அம்மா சொன்னார்: “பையைப் பற்றிச் சொல், குழாயைப் பற்றிச் சொல்லாதே.” அதுவே இன்றுவரை எங்கள் வீட்டு விதி.

சூடு கண்ட பூனையாக, இரண்டாமவரிடம் எதையும் சொல்லவில்லை. ‘ஆபீஸ் வேலை’, ‘உறவினர் வந்திருக்கிறார்’, ‘தலைவலி’. சாக்குச் சொல்வது எளிது, முதல் பத்து நாட்களுக்கு. பிறகு எந்த நாளில் எதைச் சொன்னோம் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அம்மாவின் திரவ அளவை எழுதும் நோட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இதற்கும் ஒன்று போட்டிருக்கலாம். சாக்குகள் மாறினாலும் கடிகாரம் மாறவில்லை. இரவு 10 முதல் 10.40 வரை என் போன் எடுக்கப்படாமல் அடிப்பதை அவர் கவனித்துவிட்டார். “தினமும் அந்த நேரத்தில் யாரோடு பேசுகிறீர்கள்?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கிடைத்த தகவலை வைத்து வேறு என்ன நினைப்பார்?

நெருக்கடி வரும்போது தானாகவே தெரிந்துகொள்ளட்டும் என்று விடுவதைச் சிலர் தனி வழியாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது தனி வழியே அல்ல, சாக்கு வழியின் கடைசி நிறுத்தம். ஒரு ஞாயிறு மாலை வடித்த பையைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பார்த்தேன். நல்ல திரவம் என்றால் பைக்கு அடியில் உள்ள எழுத்தைப் படிக்க முடியும். அன்று அரிசி கழுவிய தண்ணீர் போல இருந்தது, தலைப்புக்கூடத் தெரியவில்லை. வயிற்று உறையில் தொற்று என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். காய்ச்சல் வரட்டும், வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அதே பையை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டாமவரோ 6 மணிக்கு உணவகத்தில் எனக்காகக் காத்திருந்தார். 7.30க்கு மருத்துவமனை வராந்தாவிலிருந்து அழைத்து, நான்கு மாதம் சொல்லாததை நான்கு நிமிடத்தில் சொன்னேன். அவருக்கு உண்மையும் பொய்யும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தன. எதற்கு வருத்தப்படுவது, எதற்குக் கோபப்படுவது என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கும் விளக்கத் தெம்பில்லை. அதோடு முடிந்தது.

மூன்றாமவரிடம் நோயைச் சொல்லவில்லை, கடிகாரத்தைச் சொன்னேன். முதல் சந்திப்பில் அல்ல, இரண்டாவதில், நேரில். முதல் சந்திப்பில் மறுபடி பார்க்க வேண்டுமா என்பதே தெரியாது. மூன்றாவதற்குள் ஒரு சாக்காவது சொல்லியிருப்போம். போனில் சொல்வதைவிட நேரில் சொல்வது மேல். எதிரில் இருப்பவர் முகம் இரக்கத்துக்குத் திரும்பும்போது பேச்சை வேறு பக்கம் திருப்பலாம்.

நான் சொன்னது ஏறக்குறைய இதுதான்: “அம்மாவுக்கு வீட்டில் டயாலிசிஸ் நடக்கிறது. இரவு 10 மணிக்கு நான் வீட்டில் இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆகலாம், விட்டுவிட முடியாது. அந்த 40 நிமிடம் போன் எடுக்க மாட்டேன். வார நாட்களில் 6.30 முதல் 9.30 வரை எனக்கு நேரம் உண்டு. சனிக்கிழமை 11.40 முதல் 5 மணி வரை. எப்போதாவது ‘பை’ என்று ஒரே சொல்லில் செய்தி வந்தால் மருத்துவமனைக்குப் போகிறேன் என்று அர்த்தம். அன்று எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.”

எது நகரும், எது நகராது என்று பிரித்துச் சொன்னதுதான் முந்தைய இரண்டு முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. ஒரு மணி நேரம் தள்ளலாம் என்பது எங்கள் மருத்துவர் எங்களுக்குக் கொடுத்த சலுகை. பக்கவாதமோ மறதி நோயோ உள்ள வீடுகளில் நகராதது வேறாக இருக்கும், மாலையானால் அமைதியிழக்கும் அப்பாவை விட்டு நகர முடியாத பிள்ளைக்கு 6 முதல் 9 வரைதான் பூட்டு. அதை முதலில் கண்டுபிடித்துவிட்டுப் பேச உட்கார வேண்டும். ‘எனக்கு நேரமே கிடைக்காது’ என்று மொத்தமாகச் சொன்னால் அது மறுப்பாகத்தான் கேட்கும். ‘சனிக்கிழமை ஐந்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது’ என்றால், எதிரில் இருப்பவர் அதில் என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தொடங்குகிறார். இவர் உடனே கைபேசியில் மதியக் காட்சி நேரம் பார்த்தார். 12.15க்குத் தொடங்கினால் 3க்கு முடியும், பஸ்ஸில் 45 நிமிடம், 4 மணிக்கு வீடு.

இந்த வழிக்கும் குறை உண்டு. அட்டவணையைச் சொல்லிவிட்டதால் எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று நானே நம்பத் தொடங்கினேன். ஆறாவது சந்திப்பில் அவர், “கல்யாணம் ஆனால் பத்து மணிக்கு யார்?” என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். என்னிடம் பதில் இல்லை, இல்லை என்றே சொன்னேன். சித்திக்கும் வயதாகிறது, அம்மாவை அழைத்துக்கொண்டு போவதா, அவர் இங்கே வருவதா என்பதெல்லாம் இருவர் மட்டும் பேசி முடிக்கிற விஷயமும் அல்ல.

போன ஞாயிறு அவர் வீட்டுக்கு வந்தார். சரியாக 5 மணி. அறைக் கதவைச் சாத்தினேன். உள்ளே வரலாமா என்று அவர் கேட்கவில்லை. கூடத்தில் அம்மாவின் பழைய செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், “எழுத்து தெரிந்ததா?” என்றார். தெரிந்தது என்றேன்.