பிளக் பின் உருகுவதை எது நிறுத்தும்? சாதா போர்டு, ஸ்பைக் கார்டு, 16 ஆம்பியர் பாக்ஸ், தனி பாயிண்ட்: ஓர் ஒப்பீடு

சமையல் மேடையில் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டு. அதில் 1800 வாட்ஸ் இண்டக்ஷன் அடுப்பு, 1500 வாட்ஸ் கெட்டில், 750 வாட்ஸ் மிக்ஸி. காலை நேரத்தில் மூன்றும் சேர்ந்து ஓடும். சில மாதங்களில் ஏதோ ஒரு பின்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறி, பிறகு இளகி, கடைசியில் பிளக்கைப் பிடுங்கினால் பின் போர்டிலேயே ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. கடையில் கேட்டால் “நல்ல போர்டா வாங்குங்க” என்பார்கள். விலை கூடிய போர்டு வாங்கியவர்களுக்கும் இதே கதி வருவதுண்டு. காரணம், பின் உருகுவதற்குப் பின்னால் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன: ஒன்று ஓவர்லோடு, இன்னொன்று பின்னும் சாக்கெட்டும் சரியாகத் தொடாத தளர்ந்த தொடுகை. கடையில் கிடைக்கும் எந்த மாற்றும் இவை இரண்டையும் முழுதாகக் கவனிப்பதில்லை.

அதனால் எதை வாங்குவது என்று யோசிக்கும் முன், உருகியது எந்தப் பின் என்று பாருங்கள். போர்டின் சொந்த பிளக், அதாவது சுவரில் செருகும் பிளக் உருகியிருந்தால், மூன்று சாதனங்களின் கரண்டும் ஒன்றுசேர்ந்து போகும் இடம் அது. ஓவர்லோடு என்று சந்தேகிக்கலாம். போர்டில் செருகிய கெட்டிலின் பிளக் மட்டும் உருகி, போர்டின் வயரும் சுவர் பிளக்கும் சூடே இல்லாமல் இருந்தால், அந்த ஒரு சாக்கெட்டின் பிடிமானம் கெட்டுப்போயிருக்கிறது. பேஸ், நியூட்ரல் இரண்டு பின்களும் ஒரே அளவு சூடாகி வயரும் வெதுவெதுப்பாக இருந்தால் கரண்டு அதிகம். ஒரு பின் மட்டும் சுடுகிறது, இன்னொன்று சாதாரணமாக இருக்கிறது என்றால் தொடுகைதான் பிரச்சனை, ஏனென்றால் இரண்டு பின்களிலும் போவது ஒரே கரண்டு.

கணக்கு எளிது. பின்னும் சாக்கெட்டின் பித்தளை இதழும் பார்வைக்கு ஒட்டியிருந்தாலும், உண்மையில் தொடுவது சில நுண்ணிய புள்ளிகளில்தான். அந்த இடத்தில் இருக்கும் மின்தடைதான் தொடுகைத் தடை. அங்கே பிறக்கும் வெப்பம், கரண்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வரும்: P = I²R. கெட்டில் 230 வோல்ட்டில் சுமார் 6.5 ஆம்பியர் இழுக்கும். தொடுகைத் தடை 10 மில்லியோம் என்றால் அங்கே அரை வாட்ஸ்கூட வராது. இதழ் தளர்ந்து தடை 100 மில்லியோமுக்கு ஏறினால், அதே கெட்டில், அதே 6.5 ஆம்பியர், நாலு வாட்ஸுக்கு மேல். கரண்டு ஏறவே இல்லை, வெப்பம் மட்டும் பத்து மடங்கு.

இனி கரண்டை ஏற்றிப் பார்ப்போம். மூன்று சாதனங்களும் சேர்ந்தால் 4050 வாட்ஸ், ஏறத்தாழ 17.6 ஆம்பியர். போர்டின் சுவர் பிளக்கில் தொடுகைத் தடை 20 மில்லியோம் என்று வைத்தால், கெட்டில் மட்டும் ஓடும்போது ஒரு பின்னில் 0.85 வாட்ஸ்; மூன்றும் ஓடும்போது 6 வாட்ஸுக்கு மேல். கரண்டு மூன்று மடங்குகூட ஆகவில்லை, வெப்பம் ஏழு மடங்கு ஆகிவிட்டது. இதே நேரத்தில் ஒன்றரை மீட்டர் நீள 0.75 சதுர மில்லிமீட்டர் வயரிலும் 24 வாட்ஸ் வீணாகிறது, ஆனால் அது வயர் முழுக்கப் பரவிப் போவதால் வயர் சுடும், உடனே உருகாது. பின்னில் வரும் ஆறு வாட்ஸுக்குக் கடலைப்பருப்பு அளவு இடம்தான். அதனால்தான் வயருக்கு முன்னால் பின் உருகுகிறது.

சூடான பித்தளை இதழ் தன் ஸ்பிரிங் தன்மையை இழக்கிறது. மேற்பரப்பில் ஆக்ஸைடு படிகிறது. பிடி தளர, தடை கூட, இன்னும் சூடு. ஒருமுறை இந்தச் சுற்று தொடங்கிவிட்டால் தானாக நிற்காது.

சாதா 6 ஆம்பியர் போர்டு

எல்லா நாட்டுப் பிளக்கும் நுழையும் யுனிவர்சல் துளை இதன் விற்பனைக் கவர்ச்சி. அதுவே இதன் பலவீனம். தட்டைப் பின்னுக்கும் 4 மில்லிமீட்டர் ஐரோப்பிய உருண்டைப் பின்னுக்கும் நம் ஊர் 5 மில்லிமீட்டர் பின்னுக்கும் ஒரே இதழ் வளைந்துகொடுக்க வேண்டும். எதையும் சுற்றிப் பிடிக்காமல் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். உள்ளே எல்லாச் சாக்கெட்டுக்கும் ஒரே மெல்லிய பித்தளைப் பட்டை ஓடும். இதனால் ஒரு விநோதம் நடக்கும்: கெட்டிலுக்குப் பக்கத்துத் துளையில் இருக்கும் மொபைல் சார்ஜரின் பின் இளகியிருக்கும், சார்ஜர் இழுப்பதோ அற்பக் கரண்டு. சார்ஜர்மேல் பழி போடாதீர்கள். கெட்டிலின் கெட்ட தொடுகையில் பிறந்த சூடு பட்டை வழியாக வந்திருக்கிறது.

டிவி, செட்டாப் பாக்ஸ், ரவுட்டர், லேப்டாப் எல்லாம் சேர்ந்தாலும் பொதுவாக ஓரிரு ஆம்பியர்தான். அதற்கு இந்தப் போர்டு தாராளம். நம் சமையல் மேடைக்கு இது மூன்று மடங்கு ஓவர்லோடு. இண்டக்ஷன் தனியாகவே 7.8 ஆம்பியர், அதுவே வரம்பைத் தாண்டியது. 16 ஆம்பியர் பெரிய பின்னை 6 ஆம்பியர் துளையில் நுழைக்கும் கன்வெர்ஷன் பிளக் போட்டால் இன்னும் ஒரு ஜோடி தொடுகை கூடுகிறது. வீட்டில் அது இருந்தால் தூக்கிப் போட்டுவிடலாம்.

ஸ்பைக் கார்டு

ஃபியூஸோ, அமுக்கினால் மறுபடி வேலை செய்யும் ஓவர்லோடு பட்டனோ இருக்கும். மொத்தக் கரண்டு வரம்பைப் போதுமான அளவு மீறினால் வெட்டிவிடும். அந்த வகையில் சுவர் பிளக்கையும் வயரையும் ஓவர்லோடிலிருந்து காப்பாற்றும். இண்டக்ஷனையும் கெட்டிலையும் சேர்த்துப் போட்டவுடன் பட்டன் துள்ளி விழுந்தால் போர்டு கெட்டது என்று அர்த்தமில்லை, சொன்ன வேலையைச் செய்கிறது. எரிச்சலில் ஃபியூஸுக்குப் பதில் வயரை முறுக்கிப் போடுகிறவர்கள் அந்த ஒரே பாதுகாப்பையும் கழற்றிவிடுகிறார்கள்.

ஆனால் தொடுகைத் தடைக்கு இது குருடு. 6.5 ஆம்பியர் கெட்டில் தளர்ந்த இதழில் பின்னை உருக்கிக்கொண்டிருக்கும்போது ஃபியூஸ் வழியாகப் போவது வழக்கமான கரண்டுதான். உள்ளே இருக்கும் மின் எழுச்சிப் பாதுகாப்புக்கும் சூட்டுக்கும் சம்பந்தமே இல்லை. வீட்டுக்குள் மின்சாரம் பிரியும் பெட்டியான டிபியில், கரண்டு அதிகமானால் தானாக விழும் ஸ்விட்சான எம்சிபி பார்த்துக்கொள்ளும் என்பதும் தப்புக்கணக்கு. 16 ஆம்பியர் எம்சிபி, அதன் அளவைப்போல 1.13 மடங்கு, அதாவது 18 ஆம்பியர் வரை, ஒரு மணி நேரத்துக்கு விழக் கூடாது என்பதே அதன் தரவிதி. ஒரு மணிக்குள் கட்டாயம் விழ வேண்டியது 1.45 மடங்கில், 23.2 ஆம்பியரில். நம் 17.6 ஆம்பியர் அதன் கண்ணில் ஓவர்லோடே இல்லை. 6 ஆம்பியர் போர்டு வெந்துகொண்டிருக்க, எம்சிபி நிம்மதியாக நிற்கும். எம்சிபி காப்பது சுவருக்குள் இருக்கும் வயரை, உங்கள் போர்டை அல்ல.

16 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

தொடுகை, கரண்டு இரண்டையும் ஓரளவு கவனிப்பது இதுதான். 16 ஆம்பியர் பின் 7 மில்லிமீட்டர் தடிமன். சாக்கெட்டின் இதழும் கனம், பிடியும் இறுக்கம். வாங்கும்போது உறையில் அச்சிட்டிருக்கும் வயர் அளவைப் படியுங்கள். 0.75 என்றிருந்தால் மேலே எத்தனை பெரிய சாக்கெட் இருந்தாலும் அது வேஷம். 1.5 சதுர மில்லிமீட்டர் குறைந்தபட்சம், 2.5 இருந்தால் நிம்மதி. ஒரு பிளக்கைச் செருகிப் பாக்ஸைத் தலைகீழாகப் பிடியுங்கள். பிளக் சறுக்கி வந்தால் வேண்டாம். வயரைச் சுருட்டிக் கட்டி வைத்து ஓட்டவும் கூடாது, சூடு வெளியே போக வழியில்லாமல் சுருளுக்குள்ளேயே தேங்கும்.

இதில் சிக்குகிற இடம் ஒன்று. இரண்டு 16 ஆம்பியர் சாக்கெட் இருப்பதால் 32 ஆம்பியர் கிடைக்காது. சுவருக்குப் போகும் பிளக் ஒன்றுதான், மொத்தம் 16. இண்டக்ஷனும் கெட்டிலும் சேர்ந்து 14.3 ஆம்பியர், தாங்கும். மிக்ஸியையும் சேர்த்தால் தாண்டும். சுவரில் இருப்பது 6 ஆம்பியர் பாயிண்ட் என்றால் இந்த பாக்ஸால் பயனே இல்லை. சாக்கெட்டை மட்டும் 16 ஆக மாற்றிப் பின்னால் பழைய மெல்லிய வயரையே விடுவது, உருகும் இடத்தைச் சுவருக்குள் தள்ளுகிற வேலை.

டிபியிலிருந்து தனி பாயிண்ட்

இண்டக்ஷனுக்கு ஒன்று, கெட்டிலுக்கு ஒன்று என்று இரண்டு 16 ஆம்பியர் பாயிண்ட். ஒவ்வொன்றுக்கும் டிபியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 16 ஆம்பியர் எம்சிபி, முறையான எர்த். எந்தப் பின்னிலும் 8 ஆம்பியரைத் தாண்டாது, கரண்டு ஓரிடத்தில் குவிவதே இல்லை. செலவும் சுவர் வெட்டும் வேலையும் இருந்தாலும், தினமும் இண்டக்ஷனில் சமைக்கிற வீட்டுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். மிக்ஸி பழைய 6 ஆம்பியர் பாயிண்டிலேயே இருக்கட்டும். எலக்ட்ரீஷியன் வயர் நுனிக்கு ஈயம் வைத்துத் திருகில் இறுக்கினால் தடுங்கள். அழுத்தத்தில் ஈயம் மெல்ல விலகி, சில மாதங்களில் திருகு தளர்ந்து, அங்கே ஒரு புதுத் தொடுகைத் தடை உருவாகும். வயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனையான லக் போட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

வாடகை வீட்டில் சுவரை வெட்ட முடியாது. அப்போது இண்டக்ஷனை நேராகச் சுவரின் 16 ஆம்பியர் பாயிண்டில் போடுங்கள். அது ஒன்றுதான் இருக்கிறது என்றால் 16 ஆம்பியர் பாக்ஸ், சூடு உண்டாக்கும் சாதனம் ஒரு நேரத்தில் ஒன்று.

எந்த ஏற்பாடானாலும் இருபது நிமிடம் ஓட்டி, ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிப் புறங்கையைப் பின்னுக்கு அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு சரி, தொட முடியாத சூடு சரியில்லை. ஓடும்போது சிர்ரென்ற சத்தமோ மீன் வாடைபோல ஒரு நாற்றமோ வந்தால் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டாம், மெயினை அணைத்துவிடுங்கள்.

ஏற்கனவே கறுத்த பின்னை உப்புத்தாளால் தேய்த்துப் புதுப் பாக்ஸில் செருகாதீர்கள். பள்ளம் விழுந்த பின் புது இதழையும் சில வாரங்களில் கெடுக்கும், கெட்ட சாக்கெட் புதுப் பின்னையும் கெடுக்கும். பிளக் டாப், சாக்கெட் இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். கருகிய இடத்துக்குப் பின்னால் வயரின் செம்பும் நிறம் மாறியிருந்தால், பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டுத்தான் புது பிளக் டாப்பை மாட்ட வேண்டும்.