ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட்டில் 6061 பாஸ், ஆனால் பிளேட் மெழுகு: T6 என்று நம்பி 18,000 ரூபாய் விட்ட கதை

கோவையில் சின்னதாக ஒரு சிஎன்சி ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன், பெரும்பாலும் பம்ப் கம்பெனிகளுக்கு ஃபிக்ஸ்சர் வேலை. போன மாதம் ஒரு ஆர்டருக்கு நான்கு ஃபிக்ஸ்சர் பிளேட் செய்ய வேண்டியிருந்தது, 600 × 300, 20 மிமீ தடிமன். டிராயிங்கில் மெட்டீரியல் 6061-T6, அதாவது சூடு பண்ணிக் கடினமாக்கிய அலுமினிய அலாய், என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். நான் வழக்கமாக வாங்கும் இடத்தில் அந்த தடிமன் இல்லை, வர பத்து நாள் ஆகும் என்றார்கள். அவசரத்துக்குத் தெரிந்தவர் சொன்ன ஒரு புது டீலரிடம் போனேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அவர் பெயர் இங்கே வேண்டாம், ஊரும் வேண்டாம். கடையில் கால் வைத்ததும் அவர் சொன்ன முதல் வசனம்: "தம்பி, இது கூல்ட்ரிங்ஸ் டப்பாவுக்குப் போடுற சாதா அலுமினியம் இல்லீங்க, ஏர்கிராஃப்ட் கிரேடு." இந்த வசனத்துக்கு அப்புறம் வருகிறேன். கிலோ 460 என்றார், நான்கு பிளேட்டும் சேர்ந்து 39 கிலோ, வரி போக 18,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. டெஸ்ட் சர்டிபிகேட் கேட்டேன், ஒரு ஜெராக்ஸ் கொடுத்தார். அதில் 6061 என்று இருந்தது, சிலிக்கான், மெக்னீசியம், காப்பர் எல்லாம் சதவீதத்தோடு இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. பில்லில் வெறும் "அலுமினியம் பிளேட்", பக்கத்தில் 7606 என்ற எச்எஸ்என் எண். அந்த எண் 0.2 மிமீ தடிமனுக்கு மேல் போகிற எந்த அலுமினிய தகடுக்கும் பொருந்தும், அதை வைத்து யாரையும் ஒன்றும் கேட்க முடியாது என்பது பிற்பாடுதான் உறைத்தது.

மெஷினில் ஏற்றியதுமே ஏதோ சரியில்லை. T6 பிளேட் என்றால் பிசிறு சின்னச் சின்னதாக உடைந்து பறக்கும். இதில் நீளநீளமாகச் சுருண்டு வந்து கட்டரில் சுற்றிக்கொண்டது, எண்ட் மில் நுனியில் அலுமினியம் அப்பிக்கொண்டது, ஓரமெல்லாம் பர். ஆபரேட்டர் பையன் "அண்ணா, இது வெண்ணெய் மாதிரி போகுதுங்க" என்றான். நான் கூலன்ட்டைத் திட்டினேன், அப்புறம் கட்டரைத் திட்டினேன், புது கட்டர் மாட்டச் சொன்னேன். மெட்டீரியலைச் சந்தேகிக்கவே தோன்றவில்லை. கையில்தான் சர்டிபிகேட் இருக்கிறதே!

இரண்டு பிளேட் முடித்து அனுப்பினோம். கிளாம்ப்புக்கு M10 மரை, பின்பக்கம் பாக்கெட் எடுத்திருந்ததால் மரைக்கு மிஞ்சியது 8 மிமீ உயரம்தான், ஆனால் T6-க்கு அது தாங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் டிசைன் செய்திருந்தார்கள். அவர்கள் ஆள் டார்க் ரெஞ்சை 40 நியூட்டன் மீட்டரில் வைத்து இறுக்கியிருக்கிறார், "க்ளிக்" வருவதற்கு முன்பே போல்ட் சும்மா சுற்ற ஆரம்பித்துவிட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் போல்ட் பள்ளத்துக்குள் என் பிளேட்டின் மரை அப்படியே ஸ்பிரிங் மாதிரி உருவிக்கொண்டு வந்திருக்கிறது. ஆறு ஓட்டையில் நான்கு இப்படிப் போனது. காஸ்டிங் உட்காரும் இடத்தில் பள்ளம் வேறு.

டீலருக்கு போன் செய்தேன். "6061 இல்லேன்னு லேப்ல நிரூபிங்க தம்பி, முழுப் பணமும் தர்றேன்" என்றார். ரொம்ப தைரியமாகச் சொன்னார். அந்த தைரியம் ஏன் என்று எனக்கு இரண்டு நாள் கழித்துப் புரிந்தது. வெட்டின துண்டை எடுத்துக்கொண்டு போய், உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட் கொடுத்தேன். மெக்னீசியம் 0.9, சிலிக்கான் 0.6, காப்பர் 0.25, குரோமியமும் அளவுக்குள். அச்சு அசலாக 6061. ஜன்னல் செக்ஷனுக்குப் போடுகிற 6063-ஐத் தள்ளிவிட்டிருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன், அதில் காப்பர் 0.10-க்கு மேல் இருக்கக் கூடாது, அங்கேயே மாட்டுவார் என்று. மாட்டவில்லை.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்த என்னிடம் அந்த லேப்காரர்தான் கேட்டார்: "ஹார்ட்னஸ் பாத்தீங்களா?" அங்கேயே பிரினெல் அடித்துப் பார்த்தார். 34, 36, 35. 6061-T6 என்றால் 95 பக்கம் காட்ட வேண்டும். 30 என்பது O, அதாவது முழுக்க அனீல் செய்து மெத்தென்று ஆக்கியது. என் பிளேட் அந்த ஓரத்தில் நிற்கிறது.

இங்கேதான் விஷயம். 6061 என்ற நான்கு இலக்கம் சொல்வது என்ன கலந்திருக்கிறது என்பதை மட்டும். முதல் இலக்கம் குடும்பம்: 2 என்றால் காப்பர், 3 மாங்கனீஸ், 5 மெக்னீசியம், 6 மெக்னீசியமும் சிலிக்கானும், 7 துத்தநாகம். கோடுக்குப் பின்னால் வரும் எழுத்துதான் அந்த உலோகத்துக்கு அப்புறம் என்ன செய்தார்கள் என்று சொல்கிறது, அதைத்தான் டெம்பர் என்பார்கள். 6061-ஐ 530 டிகிரி பக்கம் சூடாக்கினால் மெக்னீசியமும் சிலிக்கானும் அலுமினியத்துக்குள் கரைந்துவிடும், உடனே தண்ணீரில் முக்கினால் வெளியே வர நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதை மறுபடி 175 டிகிரியில் எட்டு மணி நேரம் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகப் பிரிந்து உலோகம் முழுக்க முளை அடித்த மாதிரி நிற்கும், உள்ளே இருக்கும் அணு அடுக்குகளை வழுக்கி நகர விடாது. அதுதான் T6. இந்த வேலை எதுவும் செய்யாவிட்டாலும் கலவை அதேதான். இழுத்தால் T6 சுமார் 310 மெகாபாஸ்கல் வரை தாங்கும், O சுமார் 125-தான். ஸ்பெக்ட்ரோ மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, அது எண்ணுவது கலவையைத்தான். கையில் பிடித்துக் காட்டும் கன் மெஷினும் அப்படித்தான். டீலருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் "லேப்ல நிரூபிங்க".

இப்போது அந்த கூல்ட்ரிங்ஸ் டப்பா வசனம். இதைத் தேடிப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. டப்பாவின் உடம்பு 3104-H19. மாங்கனீஸ் குடும்பம், சூடு பண்ணி முக்கினால் கடினமாகாத ரகம். அதற்கு பலம் வருவது உருட்டி உருட்டி நசுக்குவதால். H என்றால் அப்படிக் குளிரில் நசுக்கிக் கடினமாக்கியது, 18 என்றால் முழுக் கடினம், 19 அதற்கும் மேலே. கால் மிமீ தகட்டில் ஆரம்பித்து இழுத்து இழுத்து சுவர் 0.1 மிமீ பக்கம் வந்து நிற்கிறது. அந்தத் தகடு சுமார் 290 மெகாபாஸ்கல் தாங்கும். அதாவது அவர் கேவலமாகப் பேசிய டப்பா, எனக்கு அவர் விற்ற "ஏர்கிராஃப்ட் கிரேடை" விட இரண்டு மடங்குக்கும் மேல் பலம். டப்பாவின் மூடி வேறு அலாய், 5182, அதில் மெக்னீசியம் நான்கைந்து சதவீதம், ஏனென்றால் மூடி தட்டையாக இருந்துகொண்டே உள்ளே இருக்கும் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். ஒரு டப்பாவிலேயே இரண்டு அலாய், சாதா என்று அதில் எதுவும் இல்லை.

ஏர்கிராஃப்ட் கிரேடு என்பதும் கடைக்காரர் பேச்சுதான். அந்தப் பெயரில் ஒரு கிரேடு கிடையாது. விமானத்தின் உடல்தோல் பல காலமாக 2024-T3, காப்பர் நாலரை சதவீதம் பக்கம். ஒவ்வொரு பறப்புக்கும் கேபின் காற்றழுத்தத்தில் தோல் உப்பித் தளரும், அதில் வெடிப்பு விட்டாலும் 2024-ல் அது மெதுவாகத்தான் வளரும், அதற்காகத்தான் அது. காப்பர் இருப்பதால் சீக்கிரம் அரிக்கும், அதனால் இரண்டு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிசாக ஒட்டி உருட்டுவார்கள். இறக்கையின் மேல்தோல் அழுத்தத்தில் வேலை செய்கிறது, அங்கே 7075 போன்ற துத்தநாகக் குடும்பம், T6-ல் 570 வரை போகும். 6061 விமானத்தில் அங்கங்கே பாகங்களுக்குப் போகிறதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தோலைக் காட்டி அதை விற்பவருக்கு ஒன்று விஷயம் தெரியாது, இல்லை நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

சரி, நான் எங்கே பிடித்திருக்கலாம்? முதலில் சர்டிபிகேட்டில். திரும்ப எடுத்துப் பார்த்தேன், கலவை அட்டவணைக்குக் கீழே இழுவை பலம், ப்ரூஃப் ஸ்ட்ரெஸ், டெம்பர் இருக்க வேண்டிய வரிகள் ஜெராக்ஸில் மடிந்து போயிருந்தன. மடிந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. ஹீட் நம்பர் இருந்தது, ஆனால் பிளேட்டில் அதே நம்பர் எங்கும் இல்லை. மில்லிலிருந்து வரும் முழு ஷீட்டில் அலாய், டெம்பர், லாட் நம்பர் எல்லாம் வரிசையாக மையில் அச்சடித்திருக்கும். வெட்டுத் துண்டில் அது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இல்லை என்றால் அந்த சர்டிபிகேட் அந்தத் துண்டுக்கு உரியது என்று சொல்ல எந்த வழியும் இல்லை. இன்னொன்று, 20 மிமீ பிளேட் என்றால் ஒழுங்கான இடத்தில் T651 என்று சொல்வார்கள். முக்கி எடுத்த பிறகு ஒன்றரை முதல் மூன்று சதவீதம் வரை இழுத்து உள் இறுக்கத்தை நீக்கியது அது, இல்லாவிட்டால் பாக்கெட் எடுத்ததும் பிளேட் வளைந்துகொள்ளும். நான் T651-ஆ என்று கேட்டபோது அவர் "எல்லாம் ஒண்ணுதாங்க" என்றார். அப்போதே திரும்பி வந்திருக்க வேண்டும்.

கடையிலேயே நின்று பார்க்க இப்போது நான் செய்வது: பையில் நிச்சயமாகத் தெரிந்த ஒரு T6 துண்டும் சென்டர் பஞ்சும். தானாக அடிக்கும் ஸ்பிரிங் பஞ்ச், கையால் சுத்தியல் வேண்டாம், அடி ஒரே மாதிரி விழும். இரண்டிலும் ஒரு குத்து. O-வில் விழுகிற குழி பார்த்த உடனே தெரிகிற அளவுக்குப் பெரிசு, சுற்றிலும் உப்பலாக வரும்.  இது O-வையும் T6-ஐயும் பிரிக்கத்தான், தண்ணீரில் முக்கியதோடு விட்டு மறுபடி சூட்டில் வைக்காத T4-ஐ T6 என்று விற்றால் குத்து ஏமாற்றிவிடலாம், அதற்கு லேப் ஹார்ட்னஸ்தான் வழி. அதுவும் முதல் துண்டு வெட்டும் முன்பே.

டீலரிடம் பிரினெல் ரிப்போர்ட்டோடு போனேன். "நான் 6061-னுதானே சொன்னேன், T6-னு பில்லுல இருக்குதுங்களா?" என்றார். இல்லைதான். வெட்டாத இரண்டு பிளேட்டை ஸ்கிராப் விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார், வேறு வழியில்லாமல் கொடுத்தேன். மெஷினிங் முடிந்ததை மறுபடி சூடாக்கி T6 ஆக்கலாமா என்று ஹீட் ட்ரீட்மென்ட் ஆளிடம் கேட்டேன், ஆக்கலாம், ஆனால் தண்ணீரில் முக்கும்போது முறுக்கிக்கொள்ளும், ஓட்டைகளின் இடம் மாறிப்போகும், டாலரன்ஸ் கிடைக்காது என்றார். பழைய இடத்திலேயே சொல்லிவைத்து T651 வந்தபின் நான்கையும் புதிதாகச் செய்து என் கைக்காசில் கொடுத்தேன். பர்ச்சேஸ் ஆர்டரில் இப்போது "6061-T651, பில்லில் டெம்பர் எழுதவும், ஹார்ட்னஸ் 90-க்குக் குறைந்தால் திருப்பப்படும்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இரண்டு சப்ளையர் அந்த வரியைப் பார்த்துவிட்டு ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மரை போன இரண்டு பிளேட்டும் டிரில்லிங் மெஷின் கீழே அடிப்பலகையாகக் கிடக்கின்றன. டிரில் அதில் இறங்கும்போது சத்தமே வருவதில்லை.