ஃபால்ஸ் சீலிங்கில் பிசிஎம்: சில கோடைகள் பயன்படுத்திய அனுபவம்

ஓசூரில் எங்கள் வீடு கடைசி மாடியில் இருக்கிறது. சித்திரை வெயிலில் கான்கிரீட் தளம் காய்ந்துவிட்டால் மாலையில் படுக்கையறைக்குள் உட்காரவே முடியாது. அதற்காகத்தான் ஃபால்ஸ் சீலிங் பலகைக்கு மேல் பிசிஎம், அதாவது நிலைமாறும் பொருள் அடைத்த பாக்கெட்டுகளைப் பரப்பினோம்.

உள்ளே இருப்பது கால்சியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் என்ற உப்பு. சுமார் 29 டிகிரியில் உருகும். உருகி முடியும்வரை வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் அதன் சூடு ஏறாது. பாக்கெட்டில் ஒட்டிவைத்த தெர்மாமீட்டர் மதியம் முழுக்க 29-ஐ ஒட்டியே நிற்பதைப் பார்க்கலாம். அது ஏறத் தொடங்கினால் உப்பு மொத்தமும் உருகிவிட்டது, இனி அன்றைக்கு உதவாது என்று அர்த்தம்.

எவ்வளவு தாங்கும்? 10-க்கு 12 அடி அறைக்கு 60 கிலோ போட்டிருக்கிறோம். கிலோவுக்குச் சுமார் 170 கிலோஜூல் என்று வைத்தால் மொத்தம் 2.8 யூனிட் வெப்பம். ஒரு டன் ஏசி முக்கால் மணி நேரத்தில் வெளியேற்றும் அளவு இது. கேட்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் தளத்திலிருந்து இறங்கும் வெப்பத்தை மேலேயே மறித்துப் பிடிப்பதால், மதியத்தின் பெரும்பகுதி அறையில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

எல்லாம் இரவைப் பொறுத்தது. உருகியது விடிவதற்குள் உறையாவிட்டால் மறுநாள் அது வெறும் சுமை. கான்கிரீட் தளம் இரவு வெகுநேரம் சூட்டைக் கக்கிக்கொண்டே இருப்பதால், ஜன்னலைத் திறந்துவைப்பது மட்டும் போதாது. சீலிங்குக்கும் தளத்துக்கும் இடையே உள்ள சந்தில் காற்று ஓட வேண்டும். அங்கே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, பத்து மணிக்கு மேல் விடியும்வரை ஓட்டுகிறோம். ஏப்ரலில்கூட இங்கே பின்னிரவில் 23 டிகிரிக்கு இறங்கும், அதனால் உறைந்துவிடுகிறது. காலையில் பாக்கெட்டை அழுத்தினால் கல்லாக இருக்க வேண்டும். கொழகொழவென்று இருந்தால் இரவு போதவில்லை. 25 டிகிரிக்குக் கீழே போயும் உறையாமல் இருந்தால் கோளாறு உப்பில்தான். படிகம் உருவாவதைத் தொடங்கிவைக்க அதில் ஸ்ட்ரான்சியம் குளோரைடு போன்றதைக் கலப்பார்கள், அது வேலை செய்யவில்லை என்று பொருள்.

சென்னைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மே மாதத்தில் அங்கே இரவே 28 டிகிரியை ஒட்டி நிற்கும். ஒரு டிகிரி வித்தியாசத்தில் உப்பு உறையாது. உருகுநிலை அதிகமான வகையைப் போட்டால் உறையும்தான், ஆனால் அது உருகத் தொடங்கும் முன்பே அறை புழுங்கிவிடும்.

எங்களுக்கு வந்த தொல்லை கசிவு. சில பாக்கெட்டுகளின் ஓரத்து ஒட்டு விட்டு, உப்புநீர் இறங்கி, சீலிங் பலகையைத் தாங்கும் ஜிஐ சேனலைத் துருப்பிடிக்க வைத்துவிட்டது. இப்போது கீழே பிளாஸ்டிக் தட்டு வைத்திருக்கிறோம். பாரஃபின் வகையில் இந்தத் துரு இல்லை, ஆனால் அது தீப்பற்றும். படுக்கையறைக்கு மேலே அதை வைக்க எனக்கு மனமில்லை.

மொட்டை மாடிக்கு இன்னும் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிக்காதவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள். செலவு மிகக் குறைவு. அப்புறம் பிசிஎம் போட்டால், தளத்திலிருந்து வெப்பம் மெதுவாக இறங்குவதால் அதே 60 கிலோ இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தாங்கும்.